தனியாகப் போனால் 40, கூட்டாளி ஏறினால் 80: பதினேழு வயது மூளைக்குள் என்ன நடக்கிறது?

"என் மகனுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறான். கணக்கில் கெட்டி, எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்கிற பையன். தனியாக வண்டி எடுத்தால் 40-ஐத் தாண்ட மாட்டான். கூட்டாளிகள் இரண்டு பேர் ஏறிவிட்டால் 80-ல் போகிறான், சிக்னலில் நிற்பதில்லை. கேட்டால் 'தெரியும்ப்பா' என்கிறான். 25 வயது வரை மூளை முழுசா வளராது என்கிறார்களே, அதுதான் காரணமா? அப்படியென்றால் 25 வரை காத்திருப்பதைத் தவிர வழியே இல்லையா?"

அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. மூளை முதிராதது மட்டுமே காரணம் என்றால் அவன் தனியாகப் போகும்போதும் 80-ல் அல்லவா போக வேண்டும்? அதே பையன், அதே மூளை, காலையில் ஒரு மாதிரியும் மாலையில் இன்னொரு மாதிரியும் ஓட்டுகிறான். எந்தச் சூழலில் அவனுடைய கட்டுப்பாடு நிற்கிறது, எந்தச் சூழலில் கழன்றுபோகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதைப் பார்த்தால் காத்திருக்கத் தேவையில்லை என்பதும் தெரியும்.

முதலில் அந்த 25 கணக்கை முடித்துவிடலாம். "வளர்வது" என்ற சொல்லே இங்கே குழப்பம் தருகிறது. அளவைப் பொறுத்தவரை 6 வயதிலேயே மூளை பெரியவர்களின் மூளையில் ஏறக்குறைய 90 சதவீதத்தை எட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு நடப்பது பெரிதாவது அல்ல, செப்பனிடுவது. அதில் இரண்டு வேலைகள் முக்கியம்.

ஒன்று, கழிப்பது. நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகள் சிறு வயதில் தேவைக்கு மேல் உண்டாகின்றன. எள் விதைத்தவர்கள் செடி முளைத்ததும் கலைத்துவிடுவார்களே, நெருக்கமாக நிற்பதில் சிலவற்றைப் பிடுங்கினால்தான் மிச்சமுள்ளது வாளிப்பாக வரும் என்று, கிட்டத்தட்ட அதே வேலைதான் இதுவும். அடிக்கடி பயன்படும் இணைப்பு தங்குகிறது, பயன்படாதது போகிறது. சிக்காகோவில் பீட்டர் ஹட்டன்லாக்கர் என்ற நரம்பியல் மருத்துவர், இறந்தவர்களின் மூளைத் திசுவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து இந்த இணைப்புகளை எண்ணிப் பார்த்து 1979-ல் எழுதினார். முன்மடலில் இணைப்புகளின் நெருக்கம் ஒன்றிரண்டு வயதில் உச்சத்தில் இருந்து, பதின்ம வயது வரை குறைந்துகொண்டே வந்திருந்தது. 2011-ல் வேறொரு குழு இன்னும் நுட்பமாக எண்ணியபோது, நெற்றிக்குப் பின்னாலுள்ள பகுதியில் இந்தக் கழிப்பு 20 வயதைத் தாண்டியும் நடப்பது தெரிந்தது.

இன்னொன்று, உறை போடுவது. நரம்பிழையின் மேல் மையலின் என்ற கொழுப்பு உறை சுற்றிக்கொள்கிறது. உறையில்லாத மெல்லிய இழையில் செய்தி நொடிக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான் போகும். நன்றாக உறை போட்ட தடித்த இழையில் 100 மீட்டர்கூடப் போகும். மூளையின் ஒரு பகுதி எடுக்கும் முடிவு இன்னொரு பகுதிக்கு உரிய நேரத்தில் போய்ச் சேருகிறதா என்பதை இந்த உறையே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

இந்த வேலைகள் மூளை முழுக்க ஒரே நேரத்தில் நடப்பதில்லை. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் ஜே கீட் என்ற மருத்துவரின் குழு, ஒரே பிள்ளைகளைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தது. அந்தக் குழு 2004-ல் வெளியிட்ட ஆய்வில் 4 முதல் 21 வயது வரை தொடர்ந்து படமெடுக்கப்பட்டவர்கள் வெறும் 13 பேர். ஆனால் படம் தெளிவாக இருந்தது. தொடுவது, அசைவது, பார்ப்பது போன்ற வேலைகளுக்கான பகுதிகள் முதலில் முதிர்கின்றன. முன்யோசனை, உந்துதலை அடக்குவது, விளைவை எடைபோடுவது ஆகியவற்றுக்கு வேண்டிய முன்நெற்றிப் பகுதி, அதாவது பிரீஃபிரன்டல் கார்டெக்ஸ், கடைசி வரிசையில் வருகிறது.

25 என்ற எண் இங்கிருந்துதான் கிளம்பியது. இந்த மாதிரி ஆய்வுகள் பலவற்றில் கலந்துகொண்டவர்களின் வயது இருபதுகளிலேயே முடிந்துவிடும். அந்த இடத்திலும் வரைகோடு தட்டையாகவில்லை. "இருபதுகளின் நடுப்பகுதி வரை மாற்றம் தொடர்கிறது" என்று ஆய்வாளர்கள் எழுதியது, சொல்லிச் சொல்லி "25-ல் மூளை முழுமையடைகிறது" என்று ஆகிவிட்டது. 2022-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைச் சேர்த்து வரைந்த வளர்ச்சிக் கோட்டில், உறை போட்ட இழைகள் நிறைந்த வெள்ளைப் பகுதியின் கொள்ளளவு 28, 29 வயது வாக்கில்தான் உச்சத்தைத் தொடுகிறது. மறுபக்கம், 8 முதல் 35 வயது வரையுள்ள 10,000-க்கும் மேற்பட்டவர்களின் சோதனை முடிவுகளை 2023-ல் அலசியபோது, கவனத்தை நிறுத்துவது, நினைவில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது, தவறான பதிலை அடக்குவது போன்ற திறன்கள் 10 முதல் 15 வயதுக்குள் வேகமாக ஏறி, 18 முதல் 20-க்குள் பெரியவர்கள் மட்டத்தில் நின்றுவிடுகின்றன. எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து முடியும் வயது மாறுகிறது. 25-வது பிறந்தநாளன்று மூளைக்குள் எதுவும் பூட்டிக்கொள்வதில்லை.

அப்படியானால் உங்கள் பையனின் சிந்திக்கும் திறன் ஏறக்குறைய முழுசாகவே இருக்கிறது. கணக்கில் கெட்டி என்று நீங்கள் சொல்வதும் அதைத்தான் காட்டுகிறது. பிறகு சிக்னலில் என்ன ஆகிறது?

மூளையின் அடியாழத்தில், முன்பக்கமாக, ஸ்ட்ரையேட்டம் என்றொரு பகுதி உண்டு. கிடைக்கப்போகும் இன்பத்தை எடைபோட்டு "இதை நோக்கிப் போ" என்று தள்ளுவது அதன் வேலைகளில் ஒன்று. டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் அதிகம் புழங்கும் இடம் அது. பருவமடையும்போது, பாலியல் ஹார்மோன்கள் ஏறும் அதே காலத்தில், இந்தப் பகுதியின் செயல்பாடும் மாறுகிறது. ஒரே அளவு பரிசைக் காட்டினால் பதின்ம வயதினரின் ஸ்ட்ரையேட்டம் சிறுபிள்ளைகளுடையதைவிடவும் பெரியவர்களுடையதைவிடவும் அதிகமாகத் துள்ளுவதைப் பல ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முன்நெற்றிப் பகுதி நிதானமாக, வருடக்கணக்கில் ஏறிக்கொண்டிருக்கிறது. இதுவோ பருவமடைந்த கையோடு சட்டென்று ஏறிவிடுகிறது. இரண்டு கோடுகளுக்கும் நடுவே விழும் இடைவெளிதான் சாகச வயது. லாரன்ஸ் ஸ்டெய்ன்பர்க், பி.ஜே. கேஸி ஆகிய இரண்டு உளவியலாளர்களும் 2008-ல் தனித்தனியே முன்வைத்த விளக்கம் ஏறக்குறைய இதுதான்.

இது அமெரிக்கப் பிள்ளைகளின் கதை மட்டும்தானா என்ற சந்தேகம் நியாயமானது. ஸ்டெய்ன்பர்க் குழு பிறகு இந்தியா, சீனா, கென்யா, ஜோர்டான் உட்பட 11 நாடுகளில், 10 முதல் 30 வயது வரையுள்ள 5,000-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தது. பரபரப்பைத் தேடும் ஆசை 10 வயதிலிருந்து ஏறி, 19 வயது வாக்கில் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கியது. தன்னை அடக்கிக்கொள்ளும் திறன் நிதானமாக ஏறி இருபதுகளின் நடுவில்தான் சமநிலைக்கு வந்தது. நாட்டுக்கு நாடு சற்று முன்பின் இருந்தாலும் பொதுவான போக்கு இதுவே. உங்கள் பையன் உச்சத்தை நோக்கி ஏறும் வழியில் இருக்கிறான்.

"ஆக்சிலரேட்டர் பலமாக இருக்கிறது, பிரேக் இன்னும் பிடிக்கவில்லை" என்ற உவமையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். எனக்கு அதில் ஒரு குறை படுகிறது. 17 வயதில் பிரேக் நன்றாகவே பிடிக்கிறது, ரோடு காய்ந்திருக்கும் வரை. ஈரமானால்தான் வழுக்குகிறது. அந்த ஈரம் எது என்பதைக் காட்டும் சோதனை ஒன்றைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஜேசன் செய்ன், ஸ்டெய்ன்பர்க் முதலானோர் 2011-ல் வெளியிட்ட சோதனை அது. ஆளை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, கண்ணெதிரே ஒரு கார் விளையாட்டை ஓடவிடுவார்கள். நேர் ரோடு, வரிசையாகப் பல சிக்னல்கள். சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் கூடுதல் பணம். ஒவ்வொரு சிக்னலிலும் மஞ்சள் விழும். ஒரே ஒரு முடிவுதான்: பிரேக் போடுவதா, போய்விடுவதா? நின்றால் கொஞ்ச நேரம் நஷ்டம். போய்விட்டால் நேரம் மிச்சம். ஆனால் குறுக்கே வண்டி வந்து மோதிவிட்டால் நின்றிருந்தால் ஆகும் தாமதத்தைவிட அதிகம் போய்விடும். மோதல் எந்தச் சிக்னலில் நடக்கும் என்று ஆடுகிறவருக்குத் தெரியாது.

ஆட வந்தவர்கள் மூன்று வயதுக் குழு: 14 முதல் 18, 19 முதல் 22, 24 முதல் 29. எல்லாரும் இரண்டு முறை ஆடினார்கள். ஒருமுறை தனியாக. இன்னொருமுறை, அவர்களோடு வந்திருந்த நண்பர்கள் பக்கத்து அறைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்த நிலையில். நண்பர்கள் ஏற்றிவிடவில்லை, "போடா போடா" என்று கத்தவில்லை. பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

தனியாக ஆடியபோது மூன்று குழுக்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஓட்டின. நண்பர்கள் பார்க்கிறார்கள் என்றதும் 14 முதல் 18 வயதுக் குழு மட்டும் அதிகச் சிக்னல்களை மஞ்சளில் தாண்டியது, அதிகம் மோதியது. பெரியவர்களிடம் நண்பர்களால் மாற்றம் வரவில்லை. ஸ்கேனில் தெரிந்தது இன்னும் சுவையானது. நண்பர்கள் பார்க்கும்போது பதின்ம வயதினரின் ஸ்ட்ரையேட்டமும் பரிசை மதிப்பிடும் வேறு சில பகுதிகளும் கூடுதலாக வேலைசெய்தன. கட்டுப்பாட்டுக்கான முன்நெற்றிப் பகுதிகளைப் பொறுத்தவரை, பெரியவர்கள் அவற்றைப் பதின்ம வயதினரைவிட அதிகமாகப் பயன்படுத்தினார்கள். ஆனால் நண்பர்கள் வந்ததால் அது ஏறவோ இறங்கவோ இல்லை. அதாவது நண்பன் வந்ததால் பிரேக் அறுந்துவிடவில்லை, சிக்னலைத் தாண்டுவதன் ருசிதான் கூடிவிட்டது.

உங்கள் பையனுக்கு நடப்பது இதுதான். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு வார்த்தை பேசவேண்டியதில்லை. அவர்கள் இருப்பதே போதும். "அவனுங்கதான் கெடுக்கிறானுங்க" என்று நண்பர்களைத் திட்டுவது இதனால்தான் பலன் தருவதில்லை. அதே பையன்கள் தனித்தனியாக வண்டி எடுத்தால் அவர்களும் 40-ல்தான் போவார்கள். (இது மனிதச் சமூகத்தின் கோளாறு என்றும் நினைத்துவிட வேண்டாம். 2014-ல் செய்த ஒரு சோதனையில் பருவமடையும் வயதுச் சுண்டெலிகள், தோழமை எலிகள் பக்கத்தில் இருந்தபோது தனியாக இருந்ததைவிட அதிகமாகச் சாராயம் குடித்தன. வளர்ந்த எலிகள் அப்படிச் செய்யவில்லை.)

அடுத்து, அந்த "தெரியும்ப்பா." அவன் பொய் சொல்லவில்லை. தனக்கு ஒன்றும் ஆகாது என்ற நினைப்பில்தான் இளைஞர்கள் இப்படிச் செய்கிறார்கள் என்று நாம் நம்பிவருகிறோம். வலெரி ரெய்னா, ஃபிராங்க் ஃபார்லி ஆகிய இருவரும் 2006-ல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது வேறு மாதிரி இருந்தது. பதின்ம வயதினர் பல ஆபத்துகளை உள்ளதைவிடக் கூடுதலாகவே மதிப்பிடுகிறார்கள். ஆனாலும் செய்கிறார்கள், ஏனென்றால் கிடைக்கும் இன்பத்தையும் கூடவே எடைபோட்டுக் கணக்குப் பார்க்கிறார்கள். பெரியவர்கள் அப்படிக் கணக்கே போடுவதில்லை. "சிக்னல் விழுந்தால் நிற்கணும்", அவ்வளவுதான், யோசனையே இல்லை. 17 வயதில் ஒவ்வொரு சிக்னலும் புதிய கணக்கு. பின்னால் இரண்டு பேர் இருக்கும்போது அந்தக் கணக்கில் இன்பத்தின் பக்கம் எடை கூடிவிடுகிறது.

ஆபத்தைப் பற்றி மறுபடி மறுபடி பாடம் எடுப்பது அதனால்தான் வீண். தெரிந்த பாடத்தையே திரும்ப நடத்துகிறோம். ஒரு விதிவிலக்கு உண்டு. அபாயம் எவ்வளவு என்று தெளிவாகத் தெரிந்த பந்தயங்களில் 12 முதல் 17 வயதினர் பெரியவர்களைவிடத் துணிச்சல்காரர்கள் அல்ல, சற்றுத் தயங்குகிறவர்களாகக்கூட இருந்தார்கள். வாய்ப்பு எவ்வளவு என்று தெரியாத பந்தயங்களில்தான் பெரியவர்களைவிட எளிதாக இறங்கினார்கள். இது 2012-ல் வந்த ஆய்வு. "வேகமாகப் போகாதே, ஆபத்து" என்பது அவனுக்கு மங்கலான சேதி. "60-ல் போகும்போது ஒரு நொடியில் வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடும். மஞ்சளைப் பார்த்து நீ யோசிக்கிற அந்த ஒரு நொடியில் பிரேக்கே பிடித்திருக்க மாட்டாய். பிடித்த பிறகும், 40-ல் போகிறபோது ஆவதைப்போல் இரண்டேகால் மடங்கு தூரம் ஓடித்தான் நிற்கும்" என்பது தெளிவான சேதி. கணக்கில் கெட்டிக்காரப் பையன் என்பதால் அவனையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: வேகத்தின் வர்க்கம், 60-ஐ 40-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 2.25.

ஆற அமர யோசிக்கும் நேரத்துக்கும் சூடான நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இன்னொரு சோதனை அழகாகக் காட்டுகிறது. பெர்ண்ட் ஃபிக்னர் குழு 2009-ல் வெளியிட்ட சீட்டு விளையாட்டு அது. கவிழ்த்த சீட்டுகள் 32. அதில் பெரும்பாலானவை லாபம் தருபவை, சில நஷ்டம் தருபவை. ஒரு வகையில், எத்தனை சீட்டைத் திருப்பப்போகிறாய் என்று முன்கூட்டியே ஒரே எண்ணாகச் சொல்லிவிட வேண்டும். அதில் பதின்ம வயதினருக்கும் பெரியவர்களுக்கும் வித்தியாசமில்லை. இன்னொரு வகையில், ஒவ்வொரு சீட்டாகத் திருப்பி, லாபம் ஏறுவதைக் கண்ணால் பார்த்தபடியே "இன்னும் ஒண்ணு" என்று போகலாம். அதில் பதின்ம வயதினர் நிறுத்த வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனார்கள். கீழே சொல்லப்போகும் யோசனைகளில் பாதி இந்த ஒரு முடிவிலிருந்துதான் வருகிறது.

18 முடிந்துவிட்டால் சரியாகிவிடுமா என்றும் கேட்பீர்கள். 2016-ல் கேஸியும் கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். பொத்தானை அழுத்தாமல் கையை அடக்கிக்கொள்ள வேண்டிய எளிய வேலை. அமைதியான நேரத்தில் 18 முதல் 21 வயதினர் நன்றாகவே செய்தார்கள். எந்த நேரமும் காதைக் கிழிக்கும் சத்தம் வரலாம் என்ற பதற்றத்தில் வைத்தபோது அவர்களுடைய கட்டுப்பாடு பதின்ம வயதினருடையதைப்போல் ஆகிவிட்டது. 22 முதல் 25 வயதினர் தாக்குப்பிடித்தார்கள். "இருபதுகளின் நடுப்பகுதி" என்பதற்கு உருப்படியான பொருள் இதுதான்: யோசிக்கும் திறன் முன்பே வந்துவிடுகிறது, சூட்டிலும் அது நிற்பதற்குத்தான் இன்னும் சில ஆண்டுகள் பிடிக்கின்றன.

இந்த விளக்கத்துக்கு எல்லைகள் உண்டு. ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தால் 10 வயதுப் பிள்ளைகளும் பல விளையாட்டுகளில் பதின்ம வயதினர் அளவுக்கே துணிகிறார்கள். 2015-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் இது வெளிவந்தது. ஆனால் 10 வயதுப் பிள்ளை கையில் வண்டிச் சாவி இல்லை, ராத்திரி பத்து மணிக்கு வெளியே போக அனுமதியும் இல்லை. அதனால் நிஜ உலகில் சாகசம் பதின்ம வயதில் உச்சம் தொடுவதற்கு மூளை பாதி, வாய்ப்பு பாதி. எனக்கு இது மிக நல்ல செய்தியாகப் படுகிறது. மூளையை நாம் அவசரப்படுத்த முடியாது, சாவி நம் கையில் இருக்கிறது. இன்னொன்று, மேலே சொன்னவை எல்லாம் சராசரிகள். ஒரு குறிப்பிட்ட பையனின் ஸ்கேனைப் பார்த்து இவன் முதிர்ந்துவிட்டான், இவன் இல்லை என்று சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. முதலில் சட்டம், ஏனென்றால் இங்கே உங்கள் கழுத்தும் மாட்டியிருக்கிறது. 16 வயதில் ஓட்ட அனுமதியுள்ளது கியர் இல்லாத, 50 சிசிக்கு உட்பட்ட வண்டி மட்டுமே, அதுவும் உரிமத்தோடு. 80-ல் போகிற வண்டி அதற்குள் அடங்காது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி, 18 ஆகாதவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் பெறலாம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். பையனுக்கு 25 வயது ஆகும் வரை உரிமம் கிடைக்காது. (அந்த 25 இங்கே வந்து நிற்பது வேடிக்கைதான்.) ஆகவே 18 வரை சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். இது தண்டனை அல்ல என்றும், காரணம் இது என்றும் அவனிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.

18 முடிந்து உரிமம் வாங்கிய பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. எல்லாப் பெற்றோரும் வேகத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். நான் பின் சீட்டைப் பிடிப்பேன். அமெரிக்காவில் 16, 17 வயதுக் கார் ஓட்டுநர்கள் விபத்தில் இறந்த கணக்கை ஏஏஏ போக்குவரத்துப் பாதுகாப்பு அறக்கட்டளை 2012-ல் வெளியிட்டது. ஓட்டிய தூரத்தோடு ஒப்பிட்டால், 21 வயதுக்குக் குறைந்த ஒருவர் உடன் இருக்கும்போது ஓட்டுநர் இறக்கும் அபாயம் 44 சதவீதம் கூடுகிறது. இருவர் இருந்தால் இரு மடங்கு, மூவரோ அதற்கு மேலோ என்றால் நான்கு மடங்கு. 35 வயதுக்கு மேற்பட்ட ஒருவர் உடன் இருந்தால் 62 சதவீதம் குறைகிறது. இது கார்க் கணக்கு, அமெரிக்கக் கணக்கு. ஆனால் ஸ்கேனருக்குள் தெரிந்ததும் ரோட்டில் தெரிவதும் ஒன்றாகவே இருக்கின்றன. முதல் ஆறு மாதமாவது வண்டியில் அவன் மட்டும், அல்லது அவனோடு வீட்டுப் பெரியவர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகக் கட்டுப்பாட்டை நீங்கள் பார்க்காத இடத்தில் மீறலாம். பின் சீட்டு விதியைக் காப்பது அதைவிட எளிது, ஏனென்றால் அது வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே, ரோடு காய்ந்திருக்கும்போதே எடுக்கும் முடிவு.

சீட்டு விளையாட்டில் பார்த்ததும் அதையேதான் சொல்கிறது. அவனுடைய முடிவுகளைச் சூட்டிலிருந்து ஆறிய நேரத்துக்கு மாற்ற வேண்டும். கூட்டாளி "டேய், ஏத்திக்கடா" என்று கேட்கும் நொடியில் அவன் முடிவெடுக்கக் கூடாது. அதற்கான பதில் ஏற்கெனவே தயாராக இருக்க வேண்டும். "எங்கப்பா வண்டியில ஆள் ஏத்தினா சாவியைப் பிடுங்கிடுவார்டா" என்று உங்கள் தலையில் பழியைப் போட அவனுக்கு அனுமதி கொடுங்கள். நண்பர்கள் முன்னால் அவனுக்கு முகம் கோணாது, அந்த வயதில் அது சின்ன விஷயமல்ல. வெளியே போன இடத்தில் வண்டி ஓட்டுபவன் குடித்திருந்தால் எந்த நேரமானாலும் உங்களுக்கு ஃபோன் போடலாம், வந்து கூட்டிப்போவீர்கள், அன்றிரவு ஒரு கேள்வியும் கேட்க மாட்டீர்கள் என்பதும் இதே வகை ஒப்பந்தம். அன்றிரவு கேள்வி கேட்டுவிட்டால் அடுத்த முறை ஃபோன் வராது.

குழுவாகப் போவதைத் தடுக்கவே முடியாத இடங்கள் உண்டு, கோயில் திருவிழா, கல்லூரிச் சுற்றுலா மாதிரி. அங்கே சற்று மூத்த ஒருவரைச் சேர்த்துவிடுங்கள். 18 முதல் 22 வயது இளைஞர்களை நான்கு பேர் குழுவாக வைத்துப் பார்த்த 2016 ஆய்வில், சமவயதினர் மட்டுமே இருந்தபோது துணிச்சல் கூடியது. நால்வரில் ஒருவர் 25 முதல் 30 வயதுக்காரராக இருந்தபோது தனியாக இருந்த அளவுக்கே நின்றது. அவர் அதட்ட வேண்டியதில்லை. அப்பா வேண்டாம், சித்தப்பா மகன் போதும்.

பிறகு தூக்கம். பருவமடைந்ததும் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பது ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. பதினொன்றரை வரை தூக்கம் வராமல் இருப்பது முழுக்க ஃபோனின் குற்றமல்ல. அவனுக்கு வேண்டியது 8 முதல் 10 மணி நேரம். காலை 5 மணி டியூஷனுக்கு எழுப்பினால் தினமும் இரண்டு மூன்று மணி நேரம் கடன் ஏறுகிறது. தூக்கம் குறைந்தால் உந்துதலை அடக்கும் திறனும் தளர்கிறது. விடிகாலை டியூஷனுக்கு வண்டியில் அனுப்புவதைவிடப் பேருந்தில் அனுப்புவது மேல்.

கடைசியாக, எதை இந்த வயதின் இயல்பு என்று விடக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூட்டாளிகளோடு இருக்கும்போது மட்டும் துள்ளி, தனியாக இருக்கும்போது நிதானமாக இருப்பது நாம் பேசிய வகை. தனியாக இருக்கும்போதும் ஆபத்தைத் தேடிப் போவது, செத்தால் என்ன என்கிற பேச்சு, நாள்கணக்கில் தூக்கமே இல்லாமல் அலுப்பும் தெரியாமல் பரபரப்பது, படிப்பிலும் நண்பர்களிடமும் சட்டென்று விலகிப்போவது, தினமும் குடியோ வேறு போதையோ, இவற்றில் எதைப் பார்த்தாலும் "வயசுக் கோளாறு" என்று ஆறப்போடாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. இரவு நேரத்தில் யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.